அட்டவணை ஒன்று சொல்ல, t வேறொன்று சொன்னால்: கட்டுரையின் p மதிப்பை நாமே சரிபார்ப்பது எப்படி?

ஆய்வுக் கட்டுரையில் வரும் p மதிப்பை நாம் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். மூலத்தரவு கையில் இல்லாதபோது வேறென்ன செய்வது என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வு என்றால் மூலத்தரவே தேவையில்லை. ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், சராசரி என்ன, திட்ட விலக்கம் என்ன என்ற ஆறு எண்கள் போதும். t மதிப்பு அந்த ஆறு எண்களிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் அட்டவணையில் உள்ளதை வைத்து t-ஐ நாமே கணக்கிட்டு, கட்டுரை சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கால்குலேட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை.

ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துச் செல்கிறேன். எண்கள் நான் விளக்கத்துக்காக உருவாக்கியவை, எந்தக் கட்டுரையிலிருந்தும் எடுத்தவை அல்ல. முப்பது சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு ஒரு குழு தூங்குகிறது, இன்னொரு குழு விழித்திருக்கிறது. மறுநாள் எத்தனை சொற்கள் நினைவில் நிற்கின்றன என்று எண்ணுகிறார்கள்.

| குழு | n | சராசரி | SD |
|---|---|---|---|
| தூங்கியவர்கள் | 28 | 14.2 | 4.1 |
| விழித்திருந்தவர்கள் | 26 | 11.6 | 4.6 |

கட்டுரையின் வாசகம்: "தூங்கிய குழு 2.6 சொற்கள் கூடுதலாக நினைவுகூர்ந்தது (95% நம்பிக்கை இடைவெளி 0.2 முதல் 5.0 வரை), t(52) = 2.91, p = 0.005."

படித்தால் எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் இதில் ஒரு தவறு இருக்கிறது.

## முதலில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

நான் எப்போதும் t-ஐப் பார்ப்பதற்கு முன் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பேன். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், சுருக்கமாக df. கட்டுரை எந்தச் சோதனையைச் செய்தது, எத்தனை பேரை வைத்துச் செய்தது என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடும். சமயத்தில் ஆசிரியர்கள் சொல்ல மறந்ததையும் சொல்லும்.

இரண்டு தனித்தனிக் குழுக்களுக்கான சாதாரண t சோதனையில் df என்பது மொத்த ஆட்களில் இரண்டு குறைவு. இங்கே 28 + 26 − 2 = 52. கட்டுரையிலும் 52. ஆக, அட்டவணையில் உள்ள 54 பேருமே கணக்கில் இருக்கிறார்கள், வேறு எதுவும் சேர்க்கப்படாத நேரடி ஒப்பீடு இது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதுவே 49 என்று இருந்தால்? மூன்று பேரின் தரவு இந்தக் கணக்கில் விடுபட்டிருக்கலாம். அப்போது அட்டவணையின் n-ஐ வைத்துக் கணக்குப் போடுவதே தவறு. 50.2 என்று தசமத்தோடு இருந்தால், இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று கருதாத வெல்ச் சோதனை. வெறும் 27 என்று இருந்தால், ஒரே ஆட்களை இருமுறை அளந்த இணைச் சோதனையாக இருக்கலாம். 51 என்று இருந்தால் அதுவும் ஒரு சங்கதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

சில கட்டுரைகளில் t-க்குப் பதிலாக F(1, 52) என்று இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டே குழுக்கள் இருக்கும்போது F என்பது t-இன் வர்க்கம்தான். வர்க்கமூலம் எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

## ஆறு எண்களிலிருந்து t

t என்பது ஒரு வகுத்தல். மேலே சராசரிகளின் வித்தியாசம், கீழே அந்த வித்தியாசத்தின் திட்டப் பிழை. மேல்பகுதி எளிது: 14.2 − 11.6 = 2.6. வேலை முழுவதும் கீழ்ப்பகுதியில்தான்.

இரண்டு திட்ட விலக்கங்களையும் சேர்த்து ஒரு பொதுவான திட்ட விலக்கத்தை எடுக்க வேண்டும். நேரடியாக 4.1-க்கும் 4.6-க்கும் சராசரி போடக் கூடாது. வர்க்கங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் குழு அளவில் ஒன்று குறைத்துப் பெருக்கி, கூட்டி, df-ஆல் வகுக்க வேண்டும்.

```
(27 × 16.81 + 25 × 21.16) / 52 = 982.87 / 52 = 18.90
பொதுத் திட்ட விலக்கம் = √18.90 = 4.35
திட்டப் பிழை = 4.35 × √(1/28 + 1/26) = 4.35 × 0.2724 = 1.184
t = 2.6 / 1.184 = 2.196
```

கட்டுரை சொல்வது 2.91. நமக்கு வருவது 2.20.

இந்த இடத்தில் உடனே "பிடித்துவிட்டேன்" என்று குதிக்கக் கூடாது. அட்டவணையில் உள்ள எண்கள் ரவுண்டு செய்யப்பட்டவை. 14.2 என்பது 14.15-ஆகவும் இருந்திருக்கலாம், 14.249-ஆகவும் இருந்திருக்கலாம். ஆசிரியரின் கணினி முழுத் தசமங்களோடு கணக்கிட்டது. நாம் ஓரம் வெட்டிய எண்களை வைத்துக் கணக்கிடுகிறோம். இரண்டும் அப்படியே ஒன்றாக வரவேண்டிய கட்டாயமில்லை.

## எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம்

இதற்கு உத்தேசம் வேண்டாம், துல்லியமான விடையே உண்டு. அட்டவணையின் எண்கள் அனுமதிக்கும் மிகப் பெரிய t எது, மிகச் சிறிய t எது என்று கணக்கிடுங்கள். கட்டுரையின் t அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் குறை சொல்ல எதுவுமில்லை. வெளியே விழுந்தால் ரவுண்டிங்கின் மேல் பழிபோட முடியாது.

மிகப் பெரிய t வேண்டுமென்றால் வித்தியாசத்தை முடிந்தவரை பெரிதாக்கி, திட்ட விலக்கங்களை முடிந்தவரை சிறிதாக்க வேண்டும். அதாவது 14.25, 11.55 என்ற சராசரிகளும் 4.05, 4.55 என்ற திட்ட விலக்கங்களும். மிகச் சிறிய t-க்கு இதற்கு நேர்மாறு. கையால் மூன்று தடவை போடுவது அலுப்பு என்பதால் ஆர் மொழியில் ஒரு சின்ன ஃபங்ஷன் வைத்திருக்கிறேன்:

```r
tval <- function(m1, s1, n1, m2, s2, n2) {
  sp <- sqrt(((n1-1)*s1^2 + (n2-1)*s2^2) / (n1+n2-2))
  (m1 - m2) / (sp * sqrt(1/n1 + 1/n2))
}
tval(14.20, 4.10, 28, 11.60, 4.60, 26)   # 2.196
tval(14.25, 4.05, 28, 11.55, 4.55, 26)   # 2.307
tval(14.15, 4.15, 28, 11.65, 4.65, 26)   # 2.087
```

ஆக, இந்த அட்டவணையிலிருந்து வரக்கூடிய t எல்லாம் 2.09-க்கும் 2.31-க்கும் இடையில்தான். 2.91 அதற்கு வெகுதூரம் வெளியே இருக்கிறது. இப்போது தைரியமாகச் சொல்லலாம்: அட்டவணையும் t-யும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

இந்த எல்லைக் கணக்கைத் தவிர்த்துவிட்டு "கொஞ்சம் வேறுபடுகிறது, பரவாயில்லை" என்றோ "வேறுபடுகிறது, தவறு" என்றோ சொல்பவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குவார்கள். காரணம், எல்லையின் அகலம் அட்டவணைக்கு அட்டவணை மாறும். சராசரிகள் 1.2, 1.1 என்றும் திட்ட விலக்கங்கள் 0.2 என்றும் ஒரே தசமத்தில் கொடுத்திருந்தால், உண்மையான வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து 0.2 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த அட்டவணை ஏறக்குறைய எந்த t-யையும் அனுமதிக்கும். அங்கே நம் சோதனைக்குப் பல் இல்லை. அதை ஒப்புக்கொண்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

## p மதிப்பு

t-யும் df-உம் தெரிந்தால் p ஒரே வரி. ஆர் மொழியில் `2*pt(-2.196, 52)`, எக்செலில் `=T.DIST.2T(2.196,52)`. இரண்டிலும் 0.033 வரும். எல்லைகளில் உள்ள இரண்டு t-களுக்கும் போட்டால் p ஏறத்தாழ 0.025 முதல் 0.042 வரை விரிகிறது. 0.005 அதில் இல்லை.

இப்போது கட்டுரையின் t-ஐயே எடுத்து p-யைக் கணக்கிட்டுப் பாருங்கள். `=T.DIST.2T(2.91,52)` என்று போட்டால் 0.005 வருகிறது. அதாவது 2.91, 52, 0.005 ஆகிய மூன்றும் தங்களுக்குள் ஒற்றுமையாக இருக்கின்றன. முரண் அவற்றுக்கும் அட்டவணைக்கும் நடுவில்.

இது ஏன் முக்கியம் என்றால், t, df, p மூன்றையும் மட்டும் பொருத்திப் பார்க்கிற statcheck என்ற கருவி இந்தக் கட்டுரையை எந்தக் குறையும் சொல்லாமல் விட்டுவிடும். அந்தக் கருவியைக் கொண்டு மிஷல் நைட்டனும் கூட்டாளிகளும் 1985 முதல் 2013 வரை வெளியான உளவியல் கட்டுரைகளை அலசி, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மாதிரிச் சோதனை முடிவுகளைத் தந்த கட்டுரைகளில் ஏறத்தாழ பாதியில், t-க்கும் df-க்கும் பொருந்தாத p குறைந்தது ஒன்றாவது இருந்தது. எட்டில் ஒன்றில், முடிவையே மாற்றியிருக்கக்கூடிய அளவுக்கு முரண். இத்தனையும் அட்டவணைப் பக்கமே போகாமல் கிடைத்த கணக்கு.

p பொருந்தாதபோது முதலில் அதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். கட்டுரை 0.016 என்று சொல்லி நமக்கு 0.033 வந்தால், ஒருபக்கச் சோதனை செய்திருக்கிறார்கள். முன்கூட்டியே அப்படித் திட்டமிட்டதாக வழிமுறைப் பகுதியில் சொல்லியிருந்தால் சரி. சொல்லாமல் செய்திருந்தால் அது கணக்குப் பிழை ஆகாது, ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி.

## மூன்றாவது சாட்சியைக் கூப்பிடுவது

அட்டவணை ஒன்று சொல்கிறது, t வேறொன்று சொல்கிறது. யார் சொல்வது சரி? இரண்டு பேர் சண்டையில் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும். நல்லவேளையாகப் பெரும்பாலான கட்டுரைகளில் அப்படி ஒருவர் இருப்பார்: நம்பிக்கை இடைவெளி.

நம் உதாரணத்தில் இடைவெளி 0.2 முதல் 5.0 வரை. அதன் அரை அகலம் 2.4. df 52-க்கு 95% இடைவெளியின் பெருக்கு எண் 2.007 (ஆர் மொழியில் `qt(0.975, 52)`). 2.4-ஐ 2.007-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 1.196. அட்டவணையிலிருந்து நமக்கு வந்தது 1.184. ரவுண்டிங்கைக் கணக்கில் கொண்டால் இரண்டும் ஒன்றே.

மறுபக்கம், t உண்மையிலேயே 2.91 என்றால் திட்டப் பிழை 2.6 / 2.91 = 0.893 ஆக இருந்திருக்க வேண்டும். அப்போது இடைவெளி 0.8 முதல் 4.4 வரை என்று வந்திருக்கும். கட்டுரையில் அப்படி இல்லை.

கோஹன் d கொடுத்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி. 2.6-ஐப் பொதுத் திட்ட விலக்கம் 4.35-ஆல் வகுத்தால் 0.60. 2.91-ஐ வைத்துப் பின்னோக்கிப் போனால் 2.91 × 0.2724 = 0.79. கட்டுரையில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ஆக, அட்டவணையும் நம்பிக்கை இடைவெளியும் ஒரு பக்கம், t-யும் p-யும் இன்னொரு பக்கம். இப்போது 2.91-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினால் 2.19. அது நம் எல்லைக்குள் கச்சிதமாக உட்காருகிறது. யாரோ கணினி தந்த வெளியீட்டிலிருந்து 2.19-ஐ 2.91 என்று தட்டச்சு செய்து, பிறகு அந்தத் தவறான எண்ணிலிருந்தே p-யைத் தனியாகக் கணக்கிட்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகம்தான். காகிதத்தில் இருப்பது முரண் மட்டுமே. அது எப்படி வந்தது என்பது காகிதத்தில் இல்லை.

## முரண் என்று எழுதும் முன்

நிஜ வாழ்க்கையில் வரும் முரண்களில் கணிசமானவை முரணே அல்ல. நாம் தவறான சோதனையைச் செய்து பார்த்திருப்போம். இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆரம்பக் காலத்தில் ஒரு கட்டுரையின் t-ஐ நான் கணக்கிட்டபோது அவர்கள் சொன்னதைவிட ஐந்து மடங்கு பெரிதாக வந்தது. இவர்களுக்குக் கணக்கே தெரியாதா என்று கொதித்து ஒரு நீண்ட குறிப்பு எழுதினேன். அனுப்பும் முன் அட்டவணையின் அடிக்குறிப்பை நண்பர் காட்டினார். ± குறிக்குப் பின்னால் இருந்தது திட்ட விலக்கம் அல்ல, சராசரியின் திட்டப் பிழை.

நம் உதாரணத்தையே அப்படி எழுதினால் 14.2 ± 0.8, 11.6 ± 0.9 என்று இருக்கும். ஏனென்றால் 4.1-ஐ √28-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.8, 4.6-ஐ √26-ஆல் வகுத்தால் 0.9. இவற்றைத் திட்ட விலக்கம் என்று நினைத்து t கணக்கிட்டால் 11-க்கு மேல் போகும். திட்டப் பிழை என்று எடுத்துக்கொண்டால் `2.6 / sqrt(0.8^2 + 0.9^2)`, அதாவது 2.16. நம் t கட்டுரையின் t-ஐப்போல √n மடங்கு வந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். தலைகீழாகவும் நடக்கும்: அட்டவணையில் SD என்று தலைப்பிட்டு உள்ளே திட்டப் பிழையை அச்சிட்டவர்கள் உண்டு. அதற்கு ஒரு பொது அறிவுச் சோதனை: முப்பது சொற்களில் எத்தனை நினைவிருக்கிறது என்ற அளவில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் 0.8 சொல்தான் வேறுபடுவார்களா? நடக்காத காரியம்.

அடுத்தது, நான் முன்பு பாக்கி வைத்த df = 51. தொடக்கத்தில் எடுத்த மதிப்பெண்ணையோ வயதையோ கணக்கில் சேர்த்துச் சரிசெய்த ஒப்பீட்டில், சேர்த்த ஒவ்வொரு மாறிக்கும் df ஒன்று குறையும். அப்படிச் சேர்க்கும்போது திட்டப் பிழை சுருங்கும், t பெரிதாகும். எவ்வளவு சுருங்கும்? தொடக்க மதிப்பெண்ணுக்கும் இறுதி மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு r என்றால், சுமாராக √(1 − r²) மடங்கு. நம் உதாரணத்தில் 1.184 என்பது 0.893 ஆகச் சுருங்க r ஏறத்தாழ 0.66 இருந்தால் போதும். நினைவாற்றல் சோதனையில் அது சர்வசாதாரணம். அதாவது இதே அட்டவணையோடு "t(51) = 2.91" என்று மட்டும் இருந்திருந்தால், அதில் துளியும் குற்றம் இல்லாமல் இருந்திருக்கலாம். அட்டவணையில் சரிசெய்யாத சராசரிகள், வாக்கியத்தில் சரிசெய்த t. ஓர் எண்ணின் வித்தியாசத்தில் நியாயம் மாறிவிடுகிறது. அடைப்புக்குறியை முதலில் பார்க்கச் சொன்னது இதனால்தான். இங்கே df 52 என்று இருப்பதும், நம்பிக்கை இடைவெளி சரிசெய்யாத கணக்கோடு பொருந்துவதும் அந்த வழியை அடைக்கின்றன. முழுக்க அல்ல, df-ஐயும் தவறாகத் தட்டச்சு செய்திருக்கலாம். ஆனால் பெருமளவு.

மூன்றாவது சந்தேகம் வெல்ச் சோதனை. நம் உதாரணத்தில் வெல்ச் முறையில் போட்டாலும் t 2.19, df 50.2. பெரிய மாற்றமில்லை, ஏனென்றால் குழு அளவுகளும் திட்ட விலக்கங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சின்னக் குழுவுக்குப் பெரிய திட்ட விலக்கம் இருக்கும்போதுதான் இரண்டு முறைகளும் பிரிந்து போகும். 60 பேரில் திட்ட விலக்கம் 3, 15 பேரில் 8, சராசரி வித்தியாசம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண முறையில் t 2.35, p 0.021. வெல்ச் முறையில் t 1.43, df 15, p 0.17. ஒரே அட்டவணை, இரண்டு நேர்மையான கணக்குகள், எதிரெதிர் முடிவுகள். எனவே குழு அளவுகள் சமமில்லாத இடத்தில் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. ஆர் மொழியின் `t.test` எதுவும் சொல்லாவிட்டால் வெல்ச் முறையைத்தான் செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெல்ச்சின் தசம df-ஐ முழு எண்ணாக்கி அச்சிடும் பழக்கமும் இருக்கிறது.

## ஒரே ஆட்களை இருமுறை அளந்திருந்தால்

முன், பின் என்று ஒரே 20 பேரை அளந்த ஆய்வில் மேலே சொன்ன சூத்திரம் செல்லாது. இரண்டு அளவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு தெரியாமல் t-ஐக் கணக்கிட முடியாது, அதைக் கட்டுரைகள் அரிதாகத்தான் தருகின்றன. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடலாம்: கட்டுரையின் t வரவேண்டுமென்றால் ஒட்டுறவு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்?

முன் 52.4 (திட்ட விலக்கம் 9.8), பின் 49.1 (10.2), t(19) = 4.05 என்று ஒரு முடிவு. வித்தியாசம் 3.3.

```
(3.3 / 4.05)² × 20 = 13.28
r = (9.8² + 10.2² − 13.28) / (2 × 9.8 × 10.2) = 186.80 / 199.92 = 0.93
```

ஒன்றைத் தாண்டினால் அது நடக்கவே முடியாது. 0.93 நடக்கக்கூடியது. ஒரே நாளில் இருமுறை எடுத்த உயரமோ எடையோ என்றால் கேள்வியே இல்லை. மூன்று மாத இடைவெளியில் நிரப்பிய மனநிலைக் கேள்வித்தாள் என்றால் எனக்குப் புருவம் உயரும். இங்கே நமக்குக் கிடைப்பது தீர்ப்பு அல்ல, ஒரு சந்தேகம் மட்டுமே. அந்தந்தத் துறையைத் தெரிந்தவர்தான் அதை எடைபோட முடியும்.

## சராசரியே சாத்தியமா?

இதுவரை அட்டவணையின் எண்களை நம்பினோம். அவற்றையும் ஓரளவு உரசிப் பார்க்க வழி உண்டு. சொற்களை எண்ணும்போது ஒவ்வொருவருக்கும் முழு எண்தான் வரும். 28 முழு எண்களின் கூட்டுத்தொகையும் முழு எண்தான். ஆகவே சராசரியை 28-ஆல் பெருக்கினால், ரவுண்டிங் போக, ஒரு முழு எண் கிடைக்க வேண்டும். ஒரு கட்டுரை 14.23 என்று சொல்கிறது என்றால், 398 / 28 = 14.21, 399 / 28 = 14.25. நடுவில் எதுவும் இல்லை. 28 பேரிடமிருந்து 14.23 என்ற சராசரி வரவே முடியாது. நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் 2016-இல் முன்வைத்த க்ரிம் சோதனை இதுதான்.

நம் உதாரணத்தில் இது உதவாது. ஒரே தசமத்தில் கொடுத்த சராசரிக்கு, பத்துப் பேருக்கு மேல் போனாலே எல்லா மதிப்பும் சாத்தியமாகிவிடும். இரண்டு தசமம் என்றால் நூறு பேருக்குள் பலன் தரும். பல கேள்விகளின் சராசரியை ஒருவரின் மதிப்பெண்ணாக வைத்திருந்தால், கேள்விகளின் எண்ணிக்கையையும் n-உடன் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் நல்ல கட்டுரையையும் தவறென்று சொல்லிவிடுவோம்.

இந்த மாதிரிச் சின்னக் கணக்குகளின் வீச்சு 2017-இல் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்த பிரையன் வான்சிங்க்கின் நான்கு கட்டுரைகளை எடுத்து, மூலத்தரவு இல்லாமல், அச்சில் இருந்த எண்களை மட்டும் வைத்து மூன்று பேர் சுமார் 150 முரண்களைப் பட்டியலிட்டார்கள். சாத்தியமில்லாத சராசரிகளும் அட்டவணையோடு பொருந்தாத சோதனை மதிப்புகளும்தான் அதில் பெரும்பங்கு.

## கண்டதை எப்படி எழுதுவது

கண்டுபிடித்தது முரண். "தவறு" என்ற சொல்லைக்கூட நான் முதல் கடிதத்தில் பயன்படுத்த மாட்டேன், "மோசடி" பற்றிப் பேச்சே இல்லை. நாம் போட்ட கணக்கை அவர்களும் போட்டுப் பார்க்கும்படி எண்களோடு எழுத வேண்டும். நம் உதாரணத்துக்கு நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அட்டவணையில் உள்ள சராசரி, திட்ட விலக்கம், குழு அளவுகளைக் கொண்டு சாதாரண t சோதனையை மீண்டும் கணக்கிட்டேன். t = 2.20, p = 0.033 கிடைத்தது. ரவுண்டிங்கைக் கணக்கில் கொண்டால் t 2.09-க்கும் 2.31-க்கும் இடையில் வருகிறது. வெல்ச் முறையிலும் 2.19. தாங்கள் தந்த நம்பிக்கை இடைவெளி (0.2 – 5.0) இந்தக் கணக்கோடு பொருந்துகிறது, ஆனால் t(52) = 2.91, p = 0.005 பொருந்தவில்லை. வேறு சோதனையோ சரிசெய்த ஒப்பீடோ செய்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். t மதிப்பில் இலக்கம் இடம் மாறியிருக்குமா?"

கடைசிக் கேள்வி வேண்டுமென்றேதான். எளிதாக ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வழியை நாமே திறந்து வைத்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும். பதில் வராதவரை, இந்த ஆய்வை ஒரு மெட்டா பகுப்பாய்வில் சேர்க்க வேண்டியிருந்தால் நான் 2.91-ஐத் தொட மாட்டேன். சராசரி வித்தியாசம் 2.6, திட்டப் பிழை 1.18 என்று அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டு, எதனால் அப்படி எடுத்தேன் என்று அடியில் ஒரு வரி எழுதிவைப்பேன்.